ஒற்றை டிக்கெட்டாரின் ஒரு வரி

தமிழ்நாட்டு நகரங்களின் திரையரங்குகளில் அண்மைக் காலமாக எளிதில் அடையாளம் காணத்தக்க ஒரு மாந்தர் வகை பெருகி வருகிறது. ஆய்வு வசதிக்காக இவ்வகையினரை ‘ஒற்றை டிக்கெட்டார்’ எனக் குறிக்கலாம். தனியாகப் படம் பார்ப்போர் அனைவரும் இதில் அடங்கமாட்டார்கள். இரவுப் பேருந்துக்கு நேரம் இருக்கிறது என்பதற்காக நுழைந்தவர், மழைக்கு ஒதுங்கி டிக்கெட் எடுத்தவர், வீட்டில் மின்சாரம் இல்லாத நண்பகலில் குளிர்காற்றை நாடி வந்து முதல் பாட்டுக்குள் குறட்டை விடுபவர் ஆகியோர் தற்செயலாகத் தனித்தவர்களே. ஒற்றை டிக்கெட்டார் என்பவர், அழைத்தால் வருவதற்கு ஆள் இருந்தும் அழைக்காமல் தனியே செல்ல முடிவெடுத்து, சென்ற செய்தியை வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு படமும் அதன் கீழ் ஒரு வரியுமாக அறிவிப்பவர். அந்த ஒரு வரி மக்கள் வழக்கில் கேப்ஷன் எனப்படும். படத்துக்குத் தனியே போவதில் இவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. போனதைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்தான் மொத்தச் சிரமமும் அடங்கியிருக்கிறது.

இந்தச் சிரமம் பழங்காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. டூரிங் டாக்கீஸ் என்னும் கூடாரக் கொட்டகைகளில் தரை டிக்கெட் எடுத்தவர் மணலில் உட்கார்ந்தார். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கிக்கொண்டார். அங்கே எண்ணிட்ட இருக்கை கிடையாது என்பதால், யார் யாருடன் வந்தார்கள் என்று பிரித்தறியவும் வழியில்லை. தனியாக வந்தவர் உட்கார்ந்த மறுகணமே ஏதோ ஒரு குடும்பத்தின் ஓரத்தில் சேர்ந்து, இடைவேளையில் அவர்களுடைய முறுக்கிலும் பங்கு பெற்றார். இருக்கைக்கு எண் வந்து, அந்த எண்களைக் கட்டம் கட்டமாகக் கைப்பேசித் திரையில் காட்டும் முன்பதிவுச் செயலிகளும் வந்த பிறகே, ஒருவர் தனியாக வருகிறார் என்பது பதிவுக்குரிய செய்தியாயிற்று.

செயலிகள் இச்செய்தியைச் சற்று அழுத்தமாகவே பதிவு செய்கின்றன. இந்தியாவில் மிகுதியாகப் பயன்படும் ஒரு செயலி, எத்தனை இருக்கைகள் வேண்டும் என்று கேட்கும் இடத்தில் எண்ணிக்கைக்கேற்ற வாகனத்தைப் படமாகக் காட்டும்: இருவருக்கு ஸ்கூட்டர், மூவருக்கு ஆட்டோ, நால்வருக்குக் கார், ஒருவருக்கு சைக்கிள். கார் வைத்திருப்பவரும் இந்த இடத்தில் சைக்கிளில்தான் போயாக வேண்டும். ஆயினும் அடுத்த திரையிலேயே ஒற்றை டிக்கெட்டாரின் கை ஓங்கிவிடுகிறது. இடையில் ஒரே ஓர் இருக்கை மிஞ்சும்படி இடம் தேர்ந்தெடுத்தால் சில முன்பதிவுத் தளங்கள் அதை ஏற்பதில்லை; அவ்வாறு மிஞ்சும் இருக்கை பெரும்பாலும் விற்காது என்பதே காரணம், ஏனெனில் மக்கள் இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் வருகிறார்கள். ஒரு வரிசையில் ஒன்பது இருக்கைகள் இருந்து, நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று இடக்கோடியிலிருந்தும் இன்னொன்று வலக்கோடியிலிருந்தும் அமர்ந்தால் நட்டநடுவில் ஒன்று மிஞ்சும். திரைக்கு நேர் எதிரே, ஒலி இரு காதுக்கும் சமமாக வரும் அந்த இடம், காட்சிக்குப் பத்து நிமிடம் முன்பு வரையில் யாருக்கும் பயன்படாமல் கிடந்து, இவருக்கு மட்டும் வாய்க்கும். நடுவரிசையில் நான்கு இடம் சேர்ந்தாற்போல் வேண்டும் என்று மூன்று நாள் முன்பே கைப்பேசியுடன் போராடும் குடும்பத் தலைவர்கள் இந்த உண்மையை அறிந்தால் வீட்டில் அமைதி குலையக்கூடும்.

இனி, இவ்வகைக்கு நல்ல மாதிரியாகக் கொள்ளத்தக்க ஒருவரைப் பார்க்கலாம். இவர் ஒரு வங்கி ஊழியர். வயது நாற்பதைத் தாண்டியவர். கணவர், பிள்ளைகள், மாமியார் என அனைவரும் நலமாக உள்ள வீட்டிலிருந்து வருபவர். வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை என்னும் ஏற்பாடு 2015 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது; அன்று மற்றவர்களுக்குப் பள்ளியோ கடையோ இருப்பதால், இரண்டாம் சனிக்கிழமையின் காலைக் காட்சி இவருக்கென்றே ஒதுக்கப்பட்டது போல் அமைந்திருக்கிறது. எஃப் வரிசையின் நடு இருக்கையில் அமர்ந்து, பையை மடியில் வைத்து, பாப்கார்ன் வாளியை அதன் மேல் நிறுத்தி, வாளியையும் தம் முழங்கால்களையும் படமெடுத்தார். திரையைப் படமெடுக்கவில்லை; அது விவேகமான செயலே, ஏனெனில் 2023-ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டப்படி, திருட்டுப் பிரதி எடுக்கும் நோக்கில் அரங்கில் படத்தைப் பதிவு செய்பவருக்குக் குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. முழங்காலுக்கு அத்தகைய பாதுகாப்பு எதையும் சட்டம் வழங்கவில்லை.

படம் தயாரான பிறகு கேப்ஷன் தொடங்கியது. நகைக்கடை விளம்பரம் ஓடும்போது எழுதிய முதல் வரி: “யாரும் ஃப்ரீயா இல்ல, அதான் தனியா வந்துட்டேன்.” இது காரணங்கூறும் வகை, இவ்வகையினரின் கேப்ஷன்களில் பெரும்பான்மை இதுவே எனலாம். இதன் முதற்குறை, இது பொய் என்பதாகும்: இவர் யாரையும் கேட்கவே இல்லை. இரண்டாவது குறை, இது பதில் என்பதாகும். கேள்வி எதுவும் எழாத இடத்தில் பதில் ஒன்று வந்து நின்றால், படிப்பவர் அந்தக் கேள்வியைத் தாமே தேடிப் பிடித்துக்கொள்வார். இவரும் இதை உணர்ந்து அழித்தார்.

புகையிலை எச்சரிக்கைப் படம் வந்தபோது இரண்டாவது வரி பிறந்தது: “தனியா வந்தாலும் ஜாலிதான்!” தோற்றத்தில் மகிழ்ச்சியானது எனினும், ‘வந்தாலும்’ என்பதில் உள்ள ஆலும் விகுதி, தனியே வருவது இயல்பில் ஜாலிக்கு எதிரானது என்று எதிர்க்கட்சிக்கு முதலிலேயே விட்டுக்கொடுத்துவிடுகிறது. இறுதியில் நிற்கும் ஆச்சரியக்குறியும் ஐயத்துக்குரியது. உண்மையில் மகிழ்ந்தவர் முற்றுப்புள்ளியோடு நின்றிருப்பார்.

மூன்றாவதாக இவர் மனம் சிங்கத்தை நாடியது. 2007-இல் வெளிவந்த ‘சிவாஜி’ படத்தில் ரஜினிகாந்த் பேசிய சிங்க வசனம், தனியே டீக்கடைக்குப் போகிறவர் உட்படத் தமிழுலகில் தனித்துச் செல்லும் ஒவ்வொருவருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. இது வீறுபேசும் வகை எனப்படும். இதில் இரண்டு தடைகள் உள்ளன. பாப்கார்ன் வாளியை முழங்காலில் வைத்திருப்பவரிடம் வீரம் பொருந்துவதில்லை. மேலும், பூனைக் குடும்பத்தில் கூட்டமாக வாழ்வதற்குப் பெயர்பெற்றது சிங்கமே. தனித்துத் திரிவது புலி. விலங்கியல் இவ்வாறிருக்க, இத்தனை ஆண்டுகளாகச் சிங்கத்தின் பேரில் தனிமையை எழுதி வருவது தமிழ்ச் சமூகத்தின் பெருந்தன்மை என்றே கொள்ள வேண்டும்.

நான்காவது வரி அலுவலகத்து இளம் ஊழியர்களிடமிருந்து கற்றது: “இன்னைக்கு செல்ஃப் டேட்.” ஒருவர் தம்மையே விருந்தாளியாக அழைத்துச் செல்வது என்பது இதன் பொருள். நால்வகையிலும் நாகரிகமானது இதுவே; நால்வகையிலும் கோழைத்தனமானதும் இதுவே, ஏனெனில் ஓர் ஆள் போதாது என்ற பழைய கணக்கை ஏற்றுக்கொண்டு, அந்த ஓர் ஆளையே இரண்டாகப் பிரித்துக் காட்டிச் சமாளிக்கிறது. அதோடு, ஒற்றை வாளியிலிருந்து இருவர் தின்பதாகவும் ஆகிவிடும்.

மேற்கண்ட நான்கும் தோற்ற இடங்களைக் கூர்ந்து நோக்கினால், மன்னிப்புக் கேட்காத கேப்ஷனை அறிவதற்கு ஒரு சோதனை கிடைக்கிறது. அவ்வரி சொல்லும் இன்பம், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால் கெட்டுப்போயிருக்குமா என்று பார்க்க வேண்டும். ‘படம் அருமை’ என்பது இச்சோதனையில் தேறாது, கணவர் உடனிருந்தாலும் படம் அருமையாகவே இருந்திருக்கக்கூடும். ‘இவன்தானே முதல்ல செத்தவன்?’ என்று யாரும் காதில் கேட்காததும், கழிவறைக்குப் போனவருக்கு விட்டுப்போன கதையைச் சொல்ல வேண்டியிராததும், படம் முடிந்து படிக்கட்டு இறங்கும்வரை கருத்து எதுவும் உருவாக்கிக்கொள்ளத் தேவையிராததும் தேறும். இவற்றில் ‘தனியாக’ என்ற சொல்லே வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அந்தச் சொல் வந்த இடமெல்லாம் அதற்கு விளக்கம் ஒன்றும் கூடவே வந்துவிடுகிறது.

வங்கி ஊழியர் இந்த ஆய்வையெல்லாம் செய்யவில்லை. தணிக்கைச் சான்றிதழ் திரையில் தோன்றியபோது, நேரமின்மையின் காரணமாக, கண்ணில் பட்டதை எழுதி அனுப்பிவிட்டார்: “ரெண்டு கைப்பிடியும் என்னுது.”

இதைவிடச் சிறந்த கேப்ஷன் இத்துறையில் அரிது. இருக்கையின் இரு புறமும் உள்ள கைப்பிடிகள் நியாயமாகப் பார்த்தால் யாருக்கும் உரியவை அல்ல. உடன் வந்தவர் இருந்தால் ஒன்றை அன்பின் பெயரால் இழக்க நேரும். அந்த இழப்பு நேரவில்லை என்னும் தூய செல்வச் செழிப்பை மட்டும் வரி அறிவிக்கிறது. யாரையும் பழிக்கவில்லை, யாருக்கும் சவால் விடவில்லை. மாமியாருக்கு மட்டும் தெரியாதபடி ஸ்டேட்டஸை அமைத்திருந்தார் என்பதை ஒரு குறையாகச் சிலர் கூறலாம். அது மன்னிப்புக் கேட்பதாகாது, வீட்டு நிர்வாகத்தில் அடங்குவது.

விளைவுகள் உடனே வந்தன. பார்த்தவர்களின் பெயர்ப் பட்டியலை வாட்ஸப் காட்டும் என்பதால் இவர் அதை முதல் சண்டைக் காட்சிக்குள் மூன்று முறை திறந்து பார்த்தார் என்பதை மறைப்பதற்கில்லை. தன் துணையே போதும் என்பவருக்கும் அதைப் பிறர் பார்த்தார்களா என்று அறியும் உரிமை உண்டு. கிளை மேலாளர், “என்ன மேடம், எங்கள விட்டுட்டீங்களே” என்றார். அவர் சென்ற ஆண்டு அலுவலகமே திரண்டு படத்துக்குப் போனபோது கணக்கு முடிக்க வேண்டும் என்று வராமல் நின்றவர். எதிர்வீட்டுக்காரர், “சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனேக்கா” என்று எழுதினார். சித்தி மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தார்: “யாரு கூடடி போன?” வரியில் விடை தெளிவாக இருந்தும் இக்கேள்வி எழுந்தமையால், எத்தகைய கேப்ஷனாலும் சித்தியைத் தடுக்க இயலாது என்பது இத்துறையின் எல்லையாக ஏற்கப்பட வேண்டும்.

படம் தொடங்கி அரைமணி நேரம் கழித்து, அந்த வரிசைக்கு டிக்கெட் வைத்திருந்த மற்றொரு ஒற்றை டிக்கெட்டார் இருட்டில் தடவிக்கொண்டு வந்து அடுத்த இருக்கையில் அமர்ந்தார். அமர்ந்ததும் இடப்புறக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றி, தம் பாப்கார்ன் வாளியையும் முழங்காலையும் படமெடுத்தார். உண்மைக்குப் புறம்பான அறிவிப்பை இருபத்து நான்கு மணி நேரம் தொங்கவிடுவது வங்கிப் பணியாளருக்கு அழகல்ல என்பதால், இவர் இடைவேளையில் பழைய ஸ்டேட்டஸை நீக்கிவிட்டுப் புதியதை இட்டார்: “வலது கைப்பிடி மட்டும் என்னுது. காபி நல்லா இருக்கு.”

சித்தியின் பதில் காபி ஆறுவதற்குள் வந்தது: “இடது பக்கம் யாரு?”