தயவுசெய்து எண் ஒன்றை அழுத்தவும்

"வணக்கம். தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தங்களின் சேமிப்புக் கணக்கின் தற்போதைய இருப்பு விவரங்களைத் தெரிந்துகொள்ள விரும்பினால், தயவுசெய்து எண் ஒன்றை அழுத்தவும்."

ஒரு வங்கி, தொலைபேசிச் சேவைக்குப் புதிய வாசகம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்த பழைய வாசகத்தின் தொடக்கம் இது. நிதானமாகப் படித்தால் பத்து நொடிக்கு மேல் ஆகிறது. இதே மிடுக்கோடு ஒன்பது வரி. ஒன்பதாவது, 'ஏடிஎம் கார்டு தொலைந்துவிட்டால்'. அதுவரை பொறுமையாகக் கேட்டு முடிப்பதற்குள், கார்டை எடுத்தவன் பணத்தையும் எடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

கார்டை முதலில் வைத்தேன். "கார்டு தொலைந்திருந்தால், ஒன்றை அழுத்துங்கள். கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்க, இரண்டு. ஊழியரிடம் பேச, பூஜ்யம்." காரியம் முன்னால், எண் பின்னால். எண்ணை முதலில் சொன்னால், அது எதற்கு என்று கேட்டு முடிப்பதற்குள் எண் மறந்துவிடும்.

வங்கி மேலாளருக்கு முகம் வாடிவிட்டது. "தயவுசெய்து எங்கே சார்? மரியாதை குறையுதே." 'அழுத்துங்கள்' என்பதிலேயே மரியாதை இருக்கிறது, வீட்டுக்கு வந்தவரிடம் 'தயவுசெய்து சாப்பிடவும்' என்றா சொல்கிறோம் என்று கேட்டேன். யோசித்தார். கடைசியில் ஒரே ஒரு தயவுசெய்துக்கு உடன்பாடு ஆனது. அதையும் இணைப்புக்காகக் காத்திருக்கச் சொல்லும் இடத்தில் வைத்தேன். அங்கேதான் உண்மையிலேயே கெஞ்ச வேண்டியிருக்கிறது.

சோதித்துப் பார்க்க, இதுவரை வங்கிக்குப் போன் போட்டே அறியாத ஒருவர் தேவைப்பட்டார். பெரியம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்தேன்.

"கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்க, இரண்டு" என்றது குரல். "ரெண்டும்மா" என்றார் பெரியம்மா. ஒவ்வொரு பொத்தானுக்கும் உரிய இரட்டை ஒலி வந்தால்தான் அந்த இயந்திரத்துக்குப் புரியும். பெரியம்மாவின் கம்பீரக் குரல் அதற்கு வெறும் இரைச்சல். அழுத்தணும் பெரியம்மா என்றதும் போனைக் காதிலிருந்து எடுத்தார். காதருகே இருந்ததால் திரை அணைந்திருந்தது. அது விழித்ததும் கண்ணில் பட்டது சிவப்புப் பொத்தான் ஒன்றுதான். எண் பலகை எங்கே ஒளிந்திருக்கிறது என்று நான் காட்டுவதற்குள் ஐந்து நொடி தீர்ந்து, "நீங்கள் எந்த எண்ணையும் உள்ளிடவில்லை" என்று குற்றப்பத்திரிகை வாசித்தது குரல்.

"இப்பத்தானேடி கையில எடுத்தேன், அதுக்குள்ள என்ன?" என்றார் பெரியம்மா.

அந்த ஐந்து நொடியைப் பத்தாக்கச் சொன்னேன். குற்றப்பத்திரிகை இருந்த இடத்தில் "மறுபடி சொல்கிறேன்" என்று எழுதினேன். இதுவரை அழைத்திராத எண்ணிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் முதலில் ஒரு வரி: "போனைக் காதிலிருந்து எடுத்து, எண்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்."

அடுத்து ரகசிய எண். "நாலு நம்பர்தானே? சொல்றேன், எழுதிக்கோ" என்று தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார். எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அன்றே சேர்த்தேன்: "வாயால் சொல்ல வேண்டாம். அழுத்தினால் போதும்."

கடைசியில் இருப்பு வந்தது. "நான்கு, ஆயிரம், ஒன்பது, நூறு, ஐம்பது, ரூபாய்."

பெரியம்மா பயந்துவிட்டார். "என்னடா, துண்டு துண்டாச் சொல்றா? பணத்தைப் பிரிச்சு வெச்சுட்டாங்களா?"

தொகையை யாரும் முழுதாகப் பேசிப் பதிவதில்லை. துண்டுகளைப் பதிந்து வைத்தால் இயந்திரம் கோத்துக்கொள்ளும். குரல் பதிவு ஒப்பந்தக்காரர் ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து, ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரையும் நூறும் ஆயிரமும் பதிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தார். தமிழில் ஒன்பதையும் நூறையும் எப்படி ஒட்டினாலும் தொள்ளாயிரம் வராது. பின்னால் ஏதாவது வந்தால் அதுவும் தொள்ளாயிரத்து ஆகிவிடும். ஆகவே நூறு முதல் தொள்ளாயிரம் வரை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம், 18 துண்டு. ஆயிரம் முதல் தொண்ணூற்றொன்பதாயிரம் வரை அதேபோல 198. அந்தப் பழைய 99-ஐயும் சேர்த்தால் 315. (அதைச் சொல்லவே இரண்டு துண்டு வேண்டும்: 'முந்நூற்று', 'பதினைந்து'.) குரல் கொடுத்த அம்மையார் தண்ணீர் குடித்துக் குடித்துப் படித்தார். "நாலாயிரத்து, தொள்ளாயிரத்து, ஐம்பது ரூபாய்" என்று சேர்ந்து ஒலித்தபோது பெரியம்மா, "இப்பதான் என் பணம் மாதிரி இருக்கு" என்றார்.

துண்டுக்கு இவ்வளவு என்று அம்மையாருக்குக் கூலி பேசியிருந்த ஒப்பந்தக்காரர் அதோடு நிறுத்தப் பார்த்தார். "போன் போட்டுக் கேக்குறவங்க கணக்குல லட்சமெல்லாம் எங்கே சார் இருக்கப்போகுது?" இதைப் பெரியம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அதை முடிவு பண்ண அவன் யாருடா?"

லட்சத்தையும் பதிந்தோம்.