கன்பூசியஸுக்கு மதம் பிடித்த கதை

யானைக்கு மதம் பிடித்தால் பாகனைக் கேட்கலாம். கன்பூசியஸுக்கு மதம் பிடித்தது எப்படி என்று கேட்க வேண்டுமானால் ஆக்ஸ்போர்டுக்குத்தான் போக வேண்டும். மனிதர் இறந்து 2,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை தம்மிடம் ஒரு மதம் இருப்பது அவருக்கும் தெரியாது, அவர் ஊர்க்காரர்களுக்கும் தெரியாது. 'கன்பூசியஸ்' என்ற பெயரே சேசு சபைப் பாதிரிமார் லத்தீன் மூக்குத்தி மாட்டிவிட்ட பெயர். சீனர்கள் அவரைக் கோங் ஆசான் என்பார்கள். அவர் வழி வந்தவர்களை 'ரூ' என்பார்கள். படித்தவர்கள், சடங்கும் முறையும் அறிந்தவர்கள் என்று பொருள். ஒரு சீனர் காலையில் ரூ நூலைப் படித்துப் பரீட்சை எழுதலாம். மாலையில் புத்தருக்கு ஊதுவத்தி ஏற்றலாம். வீட்டில் சாவு விழுந்தால் தாவோ பூசாரியைக் கூப்பிடலாம். யாரும் அவரிடம் சாதிச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.

கேட்கப் போகிறவர் ஜெர்மனியில் பிறந்து ஆக்ஸ்போர்டில் குடியேறிய மாக்ஸ் முல்லர். ரிக் வேதத்தைப் பதிப்பித்தவர், இந்தியாவில் ஒருநாளும் கால் வைக்காதவர். 1860இல் ஆக்ஸ்போர்டின் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவிக்கு நின்றார். அது நேர்முகத் தேர்வல்ல, நிஜமான தேர்தல். பல்கலைக்கழக முதுகலைப் பட்டதாரிகளுக்கு ஓட்டு, அவர்களில் கிராமத்துப் பாதிரிமார் ஏராளம். இந்தியர்களைக் கிறிஸ்தவர்களாக்க உதவும் என்று நம்பி ஒருவர் வைத்த அறக்கட்டளைப் பதவி அது. தாராளச் சிந்தனை கொண்ட ஜெர்மானியருக்கு அதைக் கொடுப்பார்களா? மோனியர் வில்லியம்ஸ் 833, முல்லர் 610. டெபாசிட் போகவில்லை, மனசு போயிற்று.

தோற்றவர் சும்மா இருக்கவில்லை. 1870இல் லண்டனில் மதங்களின் விஞ்ஞானம் என்று சொற்பொழிவாற்றினார். தாவரவியல்காரர் செடியைப் பிரிப்பதுபோல் மதங்களைப் பிரித்தார். மொழிக்குடும்பம் எதுவோ அதுவே மதக்குடும்பம். பிராமண மதம், புத்தம், ஜரதுஷ்டிரம் ஆரிய வீட்டில். யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் செமிட்டிய வீட்டில். கன்பூசியமும் தாவோவும் சீன வீட்டில். ஆக மொத்தம் எட்டு. உலகத்தில் எட்டுதானா என்று நீங்கள் கேட்கலாம். உள்ளே நுழைய ஒரு டிக்கெட் தேவைப்பட்டது: புனித நூல். காட்டில் வேலை நட்டு, கிடா வெட்டி, அருள் வந்து ஆடுகிறவனிடம் புத்தகம் ஏது? அவன் வெளியே.

டிக்கெட் உள்ளவர்களுக்கு அலமாரி செய்யும் வேலை அடுத்து தொடங்கியது. 'கிழக்கின் புனித நூல்கள்' என்ற வரிசை 1879 முதல் 1910 வரை 50 தொகுதிகள், கடைசியது பொருளடைவு. காசு கொடுத்தவை ஆக்ஸ்போர்டு அச்சகமும் இந்தியா ஆபீஸும். பைபிளையும் இதே அலமாரியில் வைக்க முல்லர் ஆசைப்பட்டார். மற்றவற்றோடு தோளுரசி பைபிள் நிற்பதா என்று ஆக்ஸ்போர்டின் மதபோதகர்கள் கொதித்தார்கள். பைபிள் வரவில்லை. ஒப்பிடும் தராசு தட்டில் ஏறாது, எடைபோடத்தான் உதவும் என்பது அவர்கள் நியாயம். நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: 50 தொகுதிகளில் ஒரு தமிழ் நூல்கூட இல்லை. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் மட்டும் உரையாசிரியராக உள்ளே போனார், அதுவும் சமஸ்கிருதத்தில் எழுதியதால்.

சீன அறையை நிரப்ப வந்தவர் ஜேம்ஸ் லெக் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஹாங்காங்கில் சீனர்களை மதம் மாற்றப் போய், சீன நூல்களை மொழிபெயர்ப்பதில் வாழ்நாளைக் கொட்டியவர். இந்த அலமாரிக்கு முன்பே, 1861இல் வெளிவந்த தன் மொழிபெயர்ப்பு வரிசையின் முதல் தொகுதியில் கன்பூசியஸைப் பெரிய மனிதர் என்று தன்னால் ஏற்க முடியவில்லை என எழுதினார். 1893இல் மறுபதிப்பு வந்தபோது, மிகப் பெரிய மனிதர்தான் என்று திருத்திக்கொண்டார். முப்பத்திரண்டு வருஷம் ஒருவரோடு குடித்தனம் நடத்தினால் அபிப்பிராயம் மாறத்தான் செய்யும்.

இடையில் 1873இல் பெய்ஜிங் போனார். பேரரசர்கள் வானத்துக்குப் பலியிடும் வெண்பளிங்கு மேடையின் படியில் நின்று செருப்பைக் கழற்றினார். நண்பர்களோடு மேலே ஏறி, கிறிஸ்தவத் துதிப்பாடல் பாடினார். சீனப் பழநூல்களின் 'ஷாங்-தி' வேறு யாருமில்லை, பைபிளின் கடவுளேதான் என்பது அவர் நம்பிக்கை. சக பாதிரிமாருக்குக் காது புகைந்தது. 1877இல் ஷாங்காய் மிஷனரி மாநாட்டில் அவர் கட்டுரையை வேறொருவர் வாசித்தார்; மாநாட்டு நூலில் அதைக் காணோம். ஷாங்-தியைக் கடவுள் என்று பெயர்த்ததைக் கண்டித்து 1880இல் ஒரு கூட்டமே முல்லருக்கு மனு எழுதியது. லெக் ஒரு துண்டுநூலாகவே பதில் போட்டார்.

இப்போது அலமாரியின் மூன்றாம் தொகுதியைப் பிரித்துப் பார்ப்போம். 'கன்பூசிய நூல்கள், முதல் பகுதி' என்பது தலைப்பு, ஆண்டு 1879. உள்ளே பழைய ஆவணத் தொகுப்பான ஷூ, மகன் கடமை சொல்லும் ஒரு சிறு நூல், 'ஷி' என்ற பாட்டுத்தொகையில் மதம் சம்பந்தப்பட்ட பகுதிகள் மட்டும். 'மட்டும்' என்ற அந்தச் சொல்தான் முழுக்கதை. ஷியில் 305 பாட்டுகள். மதில் ஏறி வராதே, அப்பா அம்மா என்ன சொல்வார்கள் என்று காதலனிடம் பயப்படும் பெண் அதில் இருக்கிறாள். வரி பிடுங்குகிறவனைத் தானியம் தின்னும் எலி என்று திட்டுகிற குடியானவன் இருக்கிறான். இவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, வானமும் பலியும் மூதாதையும் வரும் பாட்டுகளைப் பொறுக்கி அடுக்கினால் புனித நூல் தயார். எட்டுத்தொகையில் முருகன் வரும் இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி, இதுதான் தமிழர் வேதம் என்று பைண்டு பண்ணினால் எப்படியிருக்கும்? ஆச்சரியம் இதோடு முடியவில்லை. கன்பூசியஸ் மாணவர்களோடு பேசிய பேச்சுகளின் தொகுப்பான லுன்-யூ இந்த 50 தொகுதிகளில் எங்குமே இல்லை. லெக் அதை வேறு வரிசையில் ஏற்கெனவே போட்டிருந்தார் என்பது உண்மை. ஆவிகளைப் பற்றிக் கேட்டால் முதலில் மனிதர்களைக் கவனி என்று பேச்சைத் திருப்பும் அந்த ஆசான், புனித அலமாரிக்குக் கொஞ்சம் இடைஞ்சலாகத்தான் இருந்திருப்பார் என்பது என் சந்தேகம்.

அலமாரி கட்டிமுடியும் முன்பே 1893இல் சிகாகோவில் உலக மதங்களின் மகாசபை. தொடக்க நாளில் பத்து மதங்களுக்காகப் பத்து மணியடி. கன்பூசியத்துக்கும் ஒன்று. அதன் சார்பில் பேச வந்தவர் வாஷிங்டன் சீனத் தூதரகச் செயலர் புங் குவாங்-யூ. ரூ என்பது கல்வி, ஆட்சி, ஒழுக்கம். நீங்கள் சொல்லும் 'ரிலிஜன்' இதற்குப் பொருந்தாது என்று அவர் விளக்கினார். கல்யாண மேடைக்கு வந்து, மாப்பிள்ளை நானில்லை என்று மாப்பிள்ளையே சொன்ன மாதிரி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, மணி அடித்தாயிற்று.

அதற்குப் பின் சீனர்களே இரண்டு கட்சியானார்கள். காங் யூவெய் என்ற அறிஞர், தேவாலயங்களைப் பார்த்து, கன்பூசியத்தையும் அரசு மதமாக்கப் பாடுபட்டார், நடக்கவில்லை. இன்றைய சீன அரசு ஏற்கும் மதங்கள் ஐந்து: புத்தம், தாவோ, இஸ்லாம், கத்தோலிக்கம், புரொட்டஸ்டண்ட். கோங் ஆசான் அதில் இல்லை.

அவர் இருப்பது இந்தோனேசியாவில். அங்கே அடையாள அட்டையில் மதம் என்று ஒரு கட்டம் உண்டு. 1965 ஆணையில் அவர் பெயர் இருந்தது, சுகார்த்தோ ஆட்சியில் தள்ளிவைத்தார்கள், 2000க்குப் பின் திரும்ப வந்தார். அங்குள்ள சீன வம்சாவளியினர் ஒரே கடவுளாக 'தியான்', நபியாக கோங், புனித நூலாக நான்கு நூல்கள் என்று எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினார்கள். அந்த நான்கில் ஒன்று லுன்-யூ. ஆக்ஸ்போர்டு அலமாரியில் இடம் கிடைக்காத புத்தகத்தை ஜாவாவில் இன்று வேதமாக வாசிக்கிறார்கள்.