இருபதாவது சுற்றிலும் கேட்கிற இசை

கீழ்க்கட்டளை வாசகர்: கோலப் புள்ளிகளை இணைக்கும் மொபைல் விளையாட்டு ஒன்று செய்கிறேன். பின்னணிக்கு சுனோ என்ற ஏஐ இசை எந்திரத்தில் 'அமைதியான, இனிமையான வீணை இசை' என்று கேட்டு வாங்கினேன். இசை பிரமாதம். ஆனால் அம்மா பத்தாவது நிமிஷத்தில் 'அதை நிறுத்துடா' என்கிறார்!

பிரமாதமாக இருப்பதுதான் சிக்கல். நீங்கள் கேட்டது கச்சேரி, தேவைப்பட்டது பின்னணி. கச்சேரித் துண்டுக்குத் தொடக்கம், ஏற்றம், உச்சம், முடிவு எல்லாம் உண்டு. மூன்றாவது சுற்றிலேயே அந்த உச்சம் எங்கே வரும் என்று காதுக்கு மனப்பாடமாகிவிடும். தினமும் போகும் சாலையில் வேகத்தடை வருவதற்கு முன்பே உடம்பு தயாராவது போல, காதும் அந்த இடத்துக்காகக் காத்திருக்கும். அலுப்பு அங்கேதான் பிறக்கிறது. எந்த இடத்தில் எரிச்சல் வருகிறது என்று அம்மாவிடமே கேளுங்கள். ஒரு மணியோசையையோ ஒரு நீண்ட கமகத்தையோ காட்டுவார். அதை நீக்குவதுதான் உங்கள் வேலை.

அதே வாசகர்: சரி, என்னதான் எழுதச் சொல்கிறீர்கள்?

இப்படி எழுதிப் பாருங்கள்:

```
instrumental, 80 BPM, 4/4, low-register veena,
tambura drone, major pentatonic, sparse short phrases,
steady volume, constant energy, starts mid-flow
```

'மோகனம்' என்று எழுதினால் எந்திரம் புரிந்துகொள்ளும் என்று நம்ப முடியாது. அதனால்தான் அந்த ஐந்து சுரங்களை மேற்கத்தியப் பெயரில் கேட்டிருக்கிறேன். மோகனத்தில் மத்யமமும் நிஷாதமும் இல்லை. நிஷாதம் ஒலித்தால் காது மேல் ஷட்ஜத்தை எதிர்பார்க்கும். அது இல்லாதபோது எந்தச் சுரத்தில் நிறுத்தி எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் உறுத்தாது. சுற்றி வரும் இசைக்கு இதைவிட வசதி வேறில்லை.

'மணி வேண்டாம்' என்று இதிலேயே எழுதாதீர்கள். வேண்டாம் என்றாலும், மணி என்ற சொல்லைப் பார்த்தவுடன் அடித்துவிடுகிற பழக்கம் இந்த எந்திரங்களுக்கு உண்டு! விலக்க வேண்டியவற்றுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. அங்கே இதை இடுங்கள்:

```
vocals, bells, cymbals, crescendo, drum fill
```

மடிப்பாக்கம் வாசகர்: முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில் ஒரு 'டக்' கேட்கிறதே?

நிமிஷத்துக்கு 80 தட்டு என்றால் ஒரு தட்டு 0.75 விநாடி, நான்கு தட்டு கொண்ட ஓர் ஆவர்த்தம் 3 விநாடி. 32 ஆவர்த்தம் 96 விநாடி. எந்திரம் 80 என்று கேட்டால் 78-லும் தரும். முதலில் தட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு நடுப்பகுதியிலிருந்து 33 ஆவர்த்தத்தை வெட்டுங்கள். கடைசி ஆவர்த்தத்தை மெல்லத் தேயவிட்டு, மெல்ல எழும் முதல் ஆவர்த்தத்தின் மேல் படியவையுங்கள்; மிஞ்சுவது 32 ஆவர்த்தம். அப்போது வீணைத் தந்தியின் அதிர்வு பாதியில் அறுபடாது. தம்புராவின் ரீங்காரம் மிச்சத் தையலை மூடிவிடும்.

சேமிக்கும்போது எம்பி3 வேண்டாம். அது கோப்பின் முன்னும் பின்னும் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும்; இத்தனை பாடும் வீண். வேவ் அல்லது ஓஜிஜி போதும்.

குரோம்பேட்டை வாசகி: சமையல் வீடியோவில் நான் பேசுவதைப் புல்லாங்குழல் விழுங்கிவிடுகிறது.

குழலும் வயலினும் மெய்யெழுத்துகள் ஒலிக்கும் அதே உயரத்தில் உலவுபவை. ப்ராம்ப்டில் குழலை எடுத்துவிட்டு, கீழ்ஸ்தாயி வீணையைக் கேளுங்கள். பேச்சைவிட இசை 20 டெசிபெல் தாழ்ந்திருக்கட்டும்.

மேடவாக்கம் வாசகர்: எப்படிச் செய்தாலும் 96 விநாடி, அரை மணியில் கிட்டத்தட்ட இருபது முறை ஓடுமே?

ஓடாமல் செய்ய முடியும். பிரையன் ஈனோ 1978-இல் வெளியிட்ட 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' தொகுப்பில், வெவ்வேறு நீளமுள்ள நாடாச் சுருள்களை ஒரே நேரத்தில் சுழலவிட்டார். ஒன்று 23 விநாடி சொச்சம், இன்னொன்று கிட்டத்தட்ட 30. அவை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் சந்திக்கும். நீங்களும் தம்புராவையும் வீணையையும் தனித்தனியே கேட்டு வாங்கி, தம்புராவை 96 விநாடியிலும் வீணையை 63 விநாடியிலும் (21 ஆவர்த்தம்) வெட்டுங்கள். இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 33 நிமிஷம் 36 விநாடி ஆகும். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். எந்திரம் சுருதியைச் சரியாகத் தராது, ஒலித் திருத்தியில் ஏற்றி இறக்கிச் சேர்க்க வேண்டியிருக்கும். இந்த உழைப்பு வீண்போகாது.

கீழ்க்கட்டளை வாசகர் (மறுபடியும்!): விளையாட்டில் விளம்பரம் போடலாமா?

விளையாட்டில் போடலாம், இசையின் உரிமையைப் பார்த்துவிட்டு. சுனோவின் இலவசத் திட்டத்தில் உருவாக்கிய இசையை வருமானம் ஈட்டும் வேலைக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. கட்டணத் திட்டத்தில் சேர்ந்த பிறகு இசையைப் புதிதாக உருவாக்குங்கள்.