ஆடி வரைக்கும் நிற்கும் பெர்கோலா

அவிநாசிப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வாசல் தோட்டத்தில் பெர்கோலா வைக்கிறார்கள். தாத்தா காலத்தில் இதற்குப் பந்தல் என்று பெயர். கல்லுக்கால் நட்டு, மேலே கம்பி இழுத்து, பாகலும் புடலும் படரவிட்டார்கள். நாம் மரத்தில் செய்து, கீழே இரண்டு நாற்காலி போட்டு, படம் எடுத்து அனுப்புகிறோம். வைகாசியில் வேலை முடித்தால் ஆடியில் கிழக்கே சாயும்படி அமைக்கும் முறையைக் கீழே தருகிறேன். என் வீட்டில் செய்து பார்த்ததுதான், தாராளமாக நம்பலாம்.

அளவு 12 அடிக்கு 9 அடி என்று வைத்துக்கொள்வோம். முதலில் நான்கு மூலைக்கும் நான்கு முளை அடியுங்கள். பிறகு அதே இடத்தில் ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி ஆழம் குழி தோண்டச் சொல்லுங்கள். முதல் மண்வெட்டியிலேயே முளை பிடுங்கிக்கொண்டு வரும். அளந்ததற்குச் சாட்சி இல்லாமல் போய்விட்டதால், தூண் எங்கே நிற்க வேண்டும் என்பதை இனி கொத்தனாரும் நீங்களும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சுகம் வேண்டாம் என்கிற பிடிவாதக்காரர்கள் முளையை மூலையில் அடிக்க மாட்டார்கள். மூலையைத் தாண்டி இரண்டு பக்கமும் மூன்றடி தள்ளி அடித்து, நூலைக் கட்டுவார்கள். இரண்டு நூல் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மூலை. குழி தோண்டும்போது நூலை அவிழ்த்து வைத்துவிட்டு, முடிந்ததும் திரும்பக் கட்டினால் மூலை அதே இடத்துக்கு வந்து நிற்கும்.

அடுத்தது மூலைமட்டம். ஆசாரி கையில் இருக்கும் ஒன்றரை அடி மட்டத்தை மூலையில் வைத்து, "சரியா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள். ஒன்றரை அடியில் நூல் அளவு விலகினது தெரியாது, அதே விலகல் 12 அடி போய்ச் சேரும்போது ஓர் இஞ்ச் ஆகியிருக்கும். டேப்பைப் பிடித்து மூலைக்கு மூலை அளக்கிற வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள். 9க்கு 12 என்றால் குறுக்களவு சரியாக 15 அடி வரும். பள்ளிக்கூடத்தில் 3, 4, 5 என்று சொன்னதன் மூன்று மடங்கு. இரண்டு குறுக்களவையும் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எனக்கு ஒரு பக்கம் 15 அடி 1 இஞ்சும், மறுபக்கம் 14 அடி 11 இஞ்சும் வந்தது. இரண்டு இஞ்ச்தானே என்று விட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், எதிர்ப்பக்கத்து 12 அடி நூலை அதே நீளவாட்டில் ஒன்றேகால் இஞ்ச் நகர்த்தியிருந்தாலே இரண்டும் 15 ஆகியிருக்கும். தப்பைப் பெரிதாக்கிக் காட்டும் குணம் குறுக்களவுக்கு உண்டு. இங்கே ஓர் எச்சரிக்கை: எதிரெதிர்ப் பக்கங்கள் சமமா என்று முதலில் பார்த்த பிறகுதான் குறுக்கே அளக்க வேண்டும். ஒரு பக்கம் 12 அடியும் எதிர்ப்பக்கம் பதினொன்றரையுமாக இருந்தாலும் குறுக்களவுகள் சமமாக வரக்கூடும். அப்போது கிடைப்பது சதுரமட்டம் இல்லை, முறத்தின் உருவம்.

தூணின் காலுக்கு வருவோம். மரத்தை அப்படியே கான்கிரீட்டில் புதைப்பதுதான் சுலபம். கரையானுக்குப் படிக்கட்டு வைத்த மாதிரி இருக்கும். வெட்டிய அடிமுகம் தண்ணீரை உறிஞ்சும், தரைமட்டத்தில் ஈரமும் காற்றும் சேரும் இடத்திலேயே மக்கிப்போகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள், பன்னில் இறங்குகிற மாதிரி இறங்கினால் வேலை வெற்றி.

ஊரில் நல்ல வெல்டிங் பட்டறை இருந்தால் இந்த வெற்றி தள்ளிப்போகும். கீழே தகடு, அதன்மேல் தூணைக் கவ்வும் இரண்டு காது வைத்துக் கொடுப்பார்கள். தூணின் அடி, கான்கிரீட்டுக்கு ஓர் இஞ்ச் மேலேயே நின்றுகொள்ளும். தகட்டைப் பிடிக்கும் ஜே போல்ட்டுகளை ஈரக் கான்கிரீட்டில் கண்மட்டத்துக்குச் செருகினால் ஒன்றாவது தகட்டின் துளைக்குச் சேராது. அதையும் சிலர் கெடுக்கிறார்கள். ஒரு பிளைவுட் துண்டில் தகட்டின் துளைகளையே போட்டு, போல்ட்டுகளை அதில் மாட்டி, நூலுக்கு நேராக வைத்த பிறகுதான் கான்கிரீட் போடுகிறார்கள்.

மேல்வேலை எளிது. தூணின் இரண்டு பக்கமும் ஆறுக்கு இரண்டு இஞ்ச் உத்திரம், அதன்மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒன்பது குறுக்குச் சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் முந்தின சட்டத்திலிருந்து ஒன்றரை அடி அளந்துகொண்டே போங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நூல் பிசகினால் எட்டாவது இடைவெளியில் ஓர் இஞ்ச் சேர்ந்திருக்கும். ஆசாரிகள் உத்திரங்களைக் கீழே பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, ஒரே முனையிலிருந்து டேப்பை நீட்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கோடு போட்டுவிடுவார்கள். சட்டம் தானாக இணையாகிவிடும். அலங்காரம் கெட்டுவிடும் என்று நான் அதையும் தடுத்துப் பார்த்தேன், என் ஆசாரி கேட்கவில்லை.

ஆனால் ஆடிக்கு மிகவும் உதவியது முட்டுக்கட்டையை நான் வேண்டாம் என்று சொன்னதுதான். "படத்துல அது இல்லீங்க" என்றேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. வெறும் சட்டத்துக்கு நடுவே காற்று புகுந்து போய்விடும். கொடி அடர்ந்தாலோ, மேலே பச்சை வலை கட்டினாலோ அது பாயாகிவிடும். காலில் தகடும் தலையில் போல்ட்டும் கீல் மாதிரி திரும்ப, நான்கு தூணும் ஒரே பக்கம் சாயும். போல்ட் எவ்வளவு முறுக்கியும் பயனில்லை. கல்லுக்கால் பந்தலில் ஓரக் கால்களை வெளிப்பக்கம் சாய்த்து நட்டு, இழுகம்பியைக் கல்லில் கட்டிப் புதைப்பது இதற்காகத்தான். வீட்டுத் தோட்டத்தில் அந்தக் கம்பியில் விருந்தாளி தடுக்கி விழுவார்.

ஆடி பதினெட்டுக்கு முன்பே தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தேன். எட்டடி தூணின் தலை மூன்று இஞ்ச் கிழக்கே போயிருந்தது. 12 அடி முகத்தில் ஒரு தூணின் அடியிலிருந்து அடுத்த தூணின் தலைக்குக் குறுக்கே பிடித்தால், இரண்டு அளவுக்கும் ஐந்து இஞ்ச் வித்தியாசம்.

ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் நீளமான குறுக்களவில் கயிற்றைக் கட்டி, நடுவில் கடப்பாரையைச் செருகித் திருகினார். நீளமானது சுருங்க, குட்டையானது நீண்டது. இரண்டும் 14 அடி 5 இஞ்சில் நின்றதும், தூணில் இரண்டடி கீழே, உத்திரத்தில் இரண்டடி உள்ளே என்று முட்டை வைத்து போல்ட் போட்டார். ஒவ்வொரு முட்டும் இரண்டடி பத்து இஞ்ச். ஒரு தூணுக்கு இரண்டு திசைக்கும் இரண்டு, மொத்தம் எட்டு. கயிற்றைக் கடைசியில்தான் அவிழ்த்தார்.

"ஒருக்கா தள்ளிப் பாருங்கோ" என்றார்.

தள்ளினேன். பெர்கோலா அசையவில்லை.

"படத்துக்கு என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"முட்டுத் தெரியாத பக்கமா நின்னு எடுத்துக்கோங்க."

எட்டு முட்டில், எந்தப் பக்கம் நின்றாலும் நான்கு முட்டாவது தெரிகிறது.