தாளாளருக்குப் பந்து கேட்டு எழுதுவது எப்படி?

உதவி பெறும் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியரே, நிர்வாகத்திடம் பந்து வாங்கப் பணம் கேட்டு எழுத உட்கார்ந்துவிட்டீர்களா? பேனாவை மூடி வையுங்கள். இருப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு விளையாட்டுச் சாமான்கள் கிடக்கும் அறைக்கு முதலில் போங்கள்.

பதிவேட்டில் வாலிபால் 14 என்று இருக்கும். அறையில் காற்று நிற்கும் பந்து இரண்டு. மற்ற பன்னிரண்டும் தையல் பிரிந்து, பிளாடர் துருத்திக்கொண்டு, சாக்குமூட்டையில் கிடக்கும். உங்களுக்கு அது குப்பை; பதிவேட்டைப் பொறுத்தவரை பள்ளியின் சொத்து. தணிக்கைக்குப் பயந்து உங்களுக்கு முன்னால் இருந்த பி.டி. மாஸ்டர் எதையும் தூக்கிப் போடாமல் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். தாளாளர் அந்த அறைக்கு வர மாட்டார். பதிவேட்டைத்தான் வரவழைத்துப் பார்ப்பார். “பதினாலு பந்து இருக்கே மாஸ்டர், பதினாலையும் ஒரே நேரத்துல ஆடப் போறீங்களா?” என்று கேட்பார். அவர் கையில் இருக்கும் தாளின்படி அது நியாயமான கேள்வி.

ஆகவே நீங்கள் எழுத வேண்டிய முதல் கடிதம் பணம் கேட்டு அல்ல, குப்பையைக் குப்பை என்று அறிவிக்க அனுமதி கேட்டு. எந்த ஆண்டு வாங்கியது, என்ன பழுது, ஏன் சரிசெய்ய முடியாது என்று பந்து பந்தாகப் பட்டியல் போடுங்கள். மூத்த ஆசிரியர்கள் இருவரை அழைத்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தலைமை ஆசிரியர் ஒப்புதல் தந்ததும் பதிவேட்டில் கழித்து எழுதுங்கள். 14 என்பது 2 ஆன பிறகுதான் உங்களுக்குப் பந்து இல்லை என்பது அலுவலக ரீதியாக உண்மையாகும்.

இனி இரண்டாம் கடிதம். அதை ஏப்ரலில் எழுதுங்கள். குறுவட்டப் போட்டி ஜூலை, ஆகஸ்டில் வரும். ஜூலையில் எழுதினால், “இப்ப வந்து கேட்டா எப்படி?” என்பார்கள். ஏப்ரலில் எழுதினாலும், “இப்பவே என்ன அவசரம்?” என்பார்கள். ஆனால் ஏப்ரல் கடிதத்தில் தேதி இருக்கும். ஜூலையில் அதைப் ‘பார்வை’ என்ற இடத்தில் போட்டு நினைவூட்டு எழுதலாம். தாளாளருக்கு எழுதும் எதுவும் ‘தலைமை ஆசிரியர் வழியாக’த்தான் போக வேண்டும். நேரே கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் இடத்துக்குத் தன் மைத்துனரைக் கொண்டுவரப் பார்க்கிறார் என்று அறிக.

முதல் பத்தியில் உடல் நலம், ஒழுக்கம், நாளைய இந்தியா ஆகியவற்றை எழுதாதீர்கள். ஆண்டு விழாவில் தாளாளர் பேசுவது அதைத்தான். அவர் பேச்சைத் திருடியது போலாகும். சட்டத்தையும் இழுக்காதீர்கள். எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு வகுப்புக்கும் தேவைக்கேற்ப விளையாட்டுச் சாமான்கள் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்லத்தான் செய்கிறது. ஆனால் எத்தனை என்று சொல்லவில்லை. அந்த ‘தேவை’ எவ்வளவு என்பதை நிர்வாகமே முடிவு செய்துகொள்ளும். சமக்ர சிக்ஷா திட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை விளையாட்டு மானியம் உண்டு என்று ஒப்பிட்டும் எழுதாதீர்கள். “அப்ப அரசுப் பள்ளிக்கே போயிடுங்களேன்” என்பதுதான் பதில்.

கணக்கு எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் 48 பேர். இருப்பது இரண்டு பந்து, ஒரே ஆடுகளம். ஒரு பந்தில் அணிக்கு ஆறு பேராக 12 பேர் ஆடுவார்கள். இன்னொன்றை வைத்து 8 பேர் வட்டமாக நின்று தட்டுவார்கள். மீதி 28 பேர் வேப்ப மரத்தடியில் நிற்பார்கள். அந்த 28 பேர் போடும் சத்தம்தான் தாளாளர் அறைக்குக் கேட்கிறது. ஆறு பந்து இருந்தால் எட்டெட்டுப் பேராக 48 பேர் கையிலும் பந்து படும், மரத்தடி காலியாகும். இருப்பது போக வகுப்புக்கு நான்கு, போட்டி அணிக்கு இரண்டு, ஆக ஆறு புதிய பந்துகள். பிள்ளைகள் விளையாட வேண்டும் என்பதற்கு இளகாத நிர்வாகமும் சத்தம் குறையும் என்பதற்கு இளகும்.

‘வாலிபால் – 6’ என்று மட்டும் எழுதிவிட்டால் கெட்டீர்கள். கடைக்குப் போகப் போவது நீங்கள் அல்ல, அலுவலக எழுத்தர். அவர் பிறந்தநாள் விழாவுக்கு வாங்கும் பிளாஸ்டிக் பந்தோடு வருவார், மிச்சப் பணத்தையும் பெருமையாகத் திருப்பிக் கொடுப்பார். சுற்றளவு 65 முதல் 67 செ.மீ., எடை 260 முதல் 280 கிராம் என்று எழுதுங்கள். சரளை மண் மைதானம் என்றால் வகுப்புக்கு வாங்கும் நான்கும் ரப்பர் பந்துகளாக இருக்கட்டும். அங்கே தையல் பந்தின் நூல் தேய்ந்து சீக்கிரம் வாய் பிளக்கும். கை வலிக்கிறது என்று பிள்ளைகள் முனகுவார்கள், ஆனால் பந்து உழைக்கும். அணிக்கான இரண்டை மட்டும் போட்டித் தரத்தில் கேளுங்கள். ரப்பரிலேயே பழகியவன் போட்டிப் பந்தைத் தொட்டால் கை கணக்கு தப்பும்.

வலைக்கு நீளம் மட்டும் எழுதாமல், மேலே கம்பி கோத்தது என்றும் எழுதுங்கள். வெறும் கயிற்றில் கட்டிய வலை நடுவில் தொங்கும். ஆண்களுக்கான 2.43 மீட்டர் நடுவில்தான் அளக்கப்படும். ஓரங்கள் அதைவிட 2 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது. தொங்கும் வலையில் பழகிய உங்கள் பையன், குறுவட்டத்தில் விறைப்பான வலையில்தான் பந்தை அடிப்பான்.

பட்டியலில் ஓர் இரும்புக் குண்டையும் சேர்த்துவிடுங்கள். நிர்வாகத்தின் மனத்துக்கு மிகவும் பிடித்த சாமான் அது: காற்று இறங்காது, கிழியாது, எவனும் பையில் போட்டுக்கொண்டு போக மாட்டான். முதல் ஒப்புதல் அதற்கே கிடைக்கும், அந்த வேகத்தில் பந்தும் தப்பித்து உள்ளே வரும். 17 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 5 கிலோ. வந்ததும் மளிகைக் கடைத் தராசிலாவது நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்த குண்டில் ஆண்டு முழுக்கப் பழகி, போட்டியில் சரியான குண்டைத் தூக்கியதும் தூரம் சுருங்கும் பையன், காரணம் தெரியாமல் தன்னையே நொந்துகொள்வான்.

காற்றடிக்கும் ஊசியைத் தனி வரியில் எழுதுங்கள், ஒரு டஜன். பம்பும் பந்தும் இருந்து ஊசி இல்லாததால் நின்றுபோன வகுப்புகளே அதிகம். ‘இதர செலவு’ என்று சேர்த்தால் முதலில் அடித்துவிடுவது அந்த வரியைத்தான்.

மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்குங்கள். மற்ற இரண்டையும் தானே தருவதாக ஒரு கடைக்காரர் அன்போடு சொல்வார். வேண்டாம், மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும். மொத்தத்தை முழு எண்ணாக எழுதாதீர்கள். 20,000 என்று எழுதினால், “பத்துல முடிங்க” என்பார்கள். 18,740 என்று இருந்தால் எதை வெட்டுவது என்று தெரியாமல் கொஞ்சம் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில்தான் கையெழுத்து விழும்.

சாமான்கள் வந்ததும் ஊசி நுனியைத் தண்ணீரில் நனைத்து நேராகக் குத்திக் காற்றடியுங்கள். உலர்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும். ஓர் இரவு அப்படியே வைத்து, காலையில் அமுக்கிப் பாருங்கள். பள்ளியின் பெயரை மார்க்கரில் எழுதுவது அதற்குப் பிறகுதான். தாளாளர் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னாலும் காலை வரை பொறுத்திருங்கள். பெயர் எழுதிய பந்தை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.