லோயர் பெர்த் கணவர்

நம்மாளுக்குக் கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்தில் மனைவியிடம் "உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று அவர் சொன்னதாக எந்தச் சாட்சியும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கே சாட்சி குறைவுதான். "இந்தா பாரு", "கேட்டுச்சா" என்ற இரண்டை வைத்தே குடும்பத்தை ஓட்டிவிட்டார். ஆனால் அவருடைய ஐஆர்சிடிசி கணக்கைத் திறந்து பார்த்தால் வேறொரு மனிதர் தெரிவார்.

அம்மணிக்குப் பிறந்த வீடு தென்காசி. நம்மாள் வாழ்க்கைப்பட்டது சென்னைக்கு. அதாவது இங்கே ஒரு உத்தியோகத்துக்கு. வருஷத்துக்கு இரண்டு முறையாவது அம்மணி தனியாக ஊருக்குப் போவார். போகலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றுவதற்கு முன்பே நம்மாள் காலண்டரில் எண்ண ஆரம்பித்துவிடுவார். பொதிகை எக்ஸ்பிரஸில் விடுமுறை நாள் டிக்கெட் என்றால் முன்பதிவு திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கே உட்கார வேண்டும், எட்டரைக்கு எழுந்து வந்தால் காத்திருப்போர் பட்டியல்தான். முன்பெல்லாம் இந்தக் கதவு பயணத்துக்கு 120 நாள் முன்பே திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். ஆக, நான்கு மாதம் முன்னதாகவே வெளிப்பட்டுக்கொண்டிருந்த அன்பு இப்போது இரண்டு மாதம் முன்புதான் வெளிப்படுகிறது. அது ரயில்வே நிர்வாகத்தின் முடிவு, நம்மாளைக் குறை சொல்லக் கூடாது.

அன்று காலை ஏழே முக்காலுக்கே குளித்து, விபூதி பூசி, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் காபி ஆறிக்கொண்டிருக்கும். வீட்டில் யாரும் வீடியோ பார்க்கக் கூடாது, இணையம் இழுக்கும். எட்டு அடித்ததும் பயணியின் பெயர், வயது, பாலினம் என்று தட்டிக்கொண்டிருந்தால் இடம் பறந்துவிடும் என்பதால், அம்மணியின் விவரத்தை 'மாஸ்டர் லிஸ்ட்'டில் முன்பே ஏற்றி வைத்திருக்கிறார். அந்தப் பட்டியலில் முதல் பெயர் அம்மணியுடையது. நம்மாள் பெயர் மூன்றாவது, மாமியாருக்கும் கீழே.

அம்மணியின் நாற்பத்தைந்தாவது பிறந்த நாளை இங்கே சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து ஒரு வாழ்த்து வரும் என்று அந்தம்மா காத்திருந்தார். நம்மாள் பேப்பர் படித்தார், சாப்பிட்டார், ஆபீஸுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, "இந்தா பாரு, மாஸ்டர் லிஸ்ட்ல உன் வயசை நாப்பத்தஞ்சுன்னு மாத்திட்டேன். இனிமே உனக்கு லோயர் பெர்த் கோட்டா உண்டு" என்றார்.

விஷயம் உண்மைதான். 45 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ்ப் படுக்கைகளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம்மாள் அந்த நாளுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர். அம்மணிக்கு முழங்கால் வலி, நடு பெர்த்தில் ஏறுவது சிரமம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு பெண்ணின் வயதை வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அறிவித்ததை அந்தம்மா அன்று ராத்திரி வரைக்கும் மன்னிக்கவில்லை. நம்மாளுக்கோ என்ன தப்பு நடந்தது என்று இன்று வரை புரியவில்லை.

டிக்கெட் கிடைத்துவிட்டால் அடுத்து எண் ஜோசியம். படுக்கை எண்ணை எட்டால் வகுக்க வேண்டும். மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ்ப் படுக்கை, 7 வந்தால் பக்கவாட்டுக் கீழ். 33, 36 என்று வந்தால் பெட்டியின் நடுப்பகுதி, நம்மாள் முகத்தில் களை வந்துவிடும். 1, 4 என்று வந்தால் கீழ்ப் படுக்கைதான், ஆனால் கதவோரம். ராத்திரியெல்லாம் ஆட்கள் போவதும் வருவதும், கதவு அடிப்பதும், கழிவறை வாடையும். "கதவுப் பக்கம் விழுந்துடுச்சு" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார். ஏன் இப்படி இருக்கிறார் என்று மகன் கேட்டால், "அசிடிட்டி" என்பார்.

எழும்பூரில் வண்டி ஏற்றிவிடுகிற காட்சி தனி. வண்டியைப் பிளாட்பாரத்தில் கொண்டுவந்து நிறுத்துவதற்கு முன்பே இவர் போய் நின்றுவிடுவார். ஏறியதும் சீட்டுக்கு அடியில் இருக்கிற வளையத்தில் பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். ஜன்னல் ஷட்டர் இறங்குகிறதா, ஸ்விட்ச் போர்டில் சார்ஜ் ஏறுகிறதா என்று சோதிப்பார். பிறகு எதிர் சீட்டுக்காரரை "சார் எதுவரைக்கும்?" என்று ஆரம்பித்து, குலம் கோத்திரம் தவிர மற்றதையெல்லாம் விசாரித்துவிடுவார். வண்டி நகரும்போது ஜன்னலோரம் நடந்துகொண்டே வருவார். சினிமாவில் இந்த இடத்தில் கதாநாயகன் ஏதாவது சொல்வான். நம்மாளும் சொல்வார்: "தண்ணி பாட்டிலைக் கால் பக்கம் வைக்காத, உருண்டு போயிரும்."

வீடு திரும்பியவர் தூங்க மாட்டார். போனில் 'வேர் இஸ் மை ட்ரெயின்' செயலி. அம்மணி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே கடக்கிற விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல் எல்லாவற்றையும் இவர் விழித்திருந்து கடப்பார். ராஜபாளையம் தாண்டியதும் போன் போடுவார். "எழுந்திரு, பல்லு விளக்கிக்க. கூட்டம் சேர்ந்தா வாஷ் பேசின் கிடைக்காது." தென்காசியில் இறங்கி, வந்து சேர்ந்ததைச் சொல்ல அம்மணி கூப்பிட்டால், "தெரியும், பன்னெண்டு நிமிஷம் லேட்டு" என்று வைத்துவிடுவார்.

இவருக்கும் ஒரு எல்லை உண்டு. ஒருமுறை தென்காசியில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. காலையில் செய்தி வந்ததும் அம்மணி கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நம்மாள் மணியைப் பார்த்தார். மறுநாள் வண்டிக்கு ஏசி தட்கல் பத்து மணிக்கு, ஸ்லீப்பர் பதினொன்றுக்கு. பத்தாவதற்குள் எல்லாத் தயாரிப்பும் முடித்துவிட்டார். "கொஞ்ச நேரம் இங்க வந்து உக்காருங்களேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இரு, பேமென்ட் போயிட்டிருக்கு" என்றார். இரண்டு டிக்கெட் கிடைத்தது. ஆனால் அந்த நேரத்தில் அந்தம்மாவுக்கு வேண்டியிருந்தது டிக்கெட் இல்லை. செயலால் மட்டுமே பேசுகிறவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாத நேரத்தில், சும்மா பக்கத்தில் உட்காரத் தெரிவதில்லை.

நம்மாளின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊரில் போலிகளும் நிறையத் திரிகிறார்கள். "எனக்கெல்லாம் வாயால சொல்ல வராதுங்க, மனசுல இருக்கு" என்பார்கள். கூர்ந்து பார்த்தால் கையாலும் ஒன்றும் வராது. சொல்வதும் இல்லை, செய்வதும் இல்லை. இன்னொரு வகை, செய்வார்கள், ஆனால் தமக்குப் பிடித்ததைச் செய்வார்கள். மனைவி பேருக்கு வாங்கிய ஐம்பத்தைந்து அங்குல டிவியில் கிரிக்கெட் ஓடும். முழங்கால் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டால் இந்த இரண்டு வகையும் முழிக்கும். நம்மாள் யோசிக்காமல் சொல்வார்: "இடது. அதனாலதான் படிக்கட்டுல வலது கைப்பிடியைப் பிடிக்கச் சொல்வேன்."

ஆகவே பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பையன் என்ன சம்பளம், சொந்த வீடா என்றெல்லாம் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே அவனுடைய மாஸ்டர் லிஸ்ட்டையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அதில் அவன் அம்மாவின் வயது சரியாக இருந்தால், தைரியமாகத் தட்டை மாற்றிக்கொள்ளலாம்.