டப்பா அண்ணன்

ஒவ்வொரு ஜிம்மிலும் ஒரு டப்பா அண்ணன் இருப்பார். அவர் எடை தூக்கி நான் பார்த்ததில்லை. டப்பா தூக்கித்தான் பார்த்திருக்கிறேன். பையன் சேர்ந்த இரண்டாம் நாளே தோளில் கைபோட்டு, "முட்டையெல்லாம் அந்தக் காலம் தம்பி" என்பார். உடனே பைக் பெட்டியிலிருந்து இரண்டு கிலோ டப்பா இறங்கும். கடை விலையில் பாதி, "உனக்காக மட்டும்".

"ஒரு ஸ்கூப்புல 24 கிராம் புரோட்டீன். லேப் ரிப்போர்ட்டே இருக்கு!"

ரிப்போர்ட் பொய் சொல்லாது, விஷமம் அங்கேதான். வழக்கமான சோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிக் கொள்ளும். கிளைசின் என்ற மலிவான அமினோ அமிலத்தில் புரதத்தைவிட நைட்ரஜன் அதிகம். அதை 5 கிராம் கலந்தால், கணக்கில் கிட்டத்தட்ட 6 கிராம் 'புரதம்' ஏறிவிடும். பால்காரர் தண்ணீர் கலந்தால் லாக்டோமீட்டரில் அளவு குறையும். அண்ணன் டப்பாவில் கலப்படம் கூடக் கூட மார்க்கும் கூடும்.

ஒருநாள் அந்த டப்பாவைத் திருப்பிப் படித்தேன். மூலப்பொருள் வரிசையில் வே புரதத்துக்கு அடுத்தே கிளைசின், டாரின். அமினோ அமிலப் பட்டியலில் லூசின் 1.6 கிராம். நல்ல வே புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் லூசின் இருக்கும். 24 கிராமுக்கு இரண்டரை கிராமாவது வேண்டும். 1.6 என்றால் உள்ளே இருக்கும் அசல் புரதம் சுமார் 15 கிராம்தான். அண்ணனிடம் கேட்டேன். "அதெல்லாம் எக்ஸ்ட்ரா பவர் தம்பி!" பட்டியலே அச்சிடாத டப்பாக்களும் அவரிடம் உண்டு. அவற்றைப் பற்றிக் கேட்டால் செல்போன் அடித்துவிடும்.

அண்ணனின் இன்னொரு பையில் மெலிவதற்கான மூலிகை மாத்திரை. "மூணே நாள்ல பசி போயிடும்." போகிறது, உண்மைதான். கூடவே வாய் வறள்கிறது, தூக்கம் கெடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. "நச்சு வெளியேறுதும்மா" என்பார். வெளியேறுவது நச்சல்ல, உள்ளே போயிருப்பது வேறு என்று சந்தேகப்பட வேண்டிய இடம் இது. 'மூலிகை' மாத்திரைகளில் சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து ஒளிந்திருப்பதைப் பல நாடுகளில் சோதனைகள் கண்டுபிடித்திருக்கின்றன. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதால் இந்தியா 2011இல் தடை செய்த மருந்து அது. லேபிளில் எத்தனை பூதக்கண்ணாடி வைத்தாலும் அந்தப் பெயர் தெரியாது. படபடப்பு வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, அட்டையோடு டாக்டரிடம் போவதுதான் வழி.

அண்ணனிடம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைப் பாருங்கள். ஆனால் அது உரிமம் பெற்றவர் யார் என்று சொல்லுமே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. அதனால் பேட்ச் எண் போட்ட பில்லும் கேளுங்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுக்க அது கைகொடுக்கும்.

நான் கேட்டேன். அண்ணன் இப்போது வேறு ஜிம்முக்குப் போகிறார்.